‘ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்’: இரவில் செய்தி பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீராத கவலைக்கு ஆலோசனை பெற வருபவர்களுடன் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சென்ற மாதம் தொடங்கிய குழு அமர்வில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரில் நால்வர், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். படுக்கையில் கைப்பேசி கூடாது, அறிவிப்புகளை அணைத்துவைக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவ்வளவும் தெரிந்தவர்களின் கை, இரவு பன்னிரண்டு மணிக்கு ஏன் மீண்டும் திரையைத் தேடுகிறது என்பதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

திரையின் நிறத்தை மாற்றினால் போதும் என்று எண்ணுவது

தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை இரவில் நீல ஒளி குறைக்கும் என்பது உண்மை. ஆனால் திரையை மஞ்சளாக மாற்றிவிட்டு அதே செய்திகளை ஒன்றரை மணி நேரம் படிப்பவருக்கு அந்த மாற்றம் பெரிதாக உதவுவதில்லை, ஏனெனில் அவரை விழித்திருக்க வைப்பது பெரும்பாலும் படிக்கும் பொருளே. 1997-இல் வெண்டி ஜான்ஸ்டனும் கிரஹாம் டேவியும் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குத் துயரச் செய்திகளை மட்டும் தொகுத்த 14 நிமிடத் தொலைக்காட்சிச் செய்தியும், மற்றவர்களுக்கு நல்ல செய்திகளோ சாதாரணச் செய்திகளோ கொண்ட தொகுப்பும் காட்டப்பட்டன. துயரச் செய்தி பார்த்தவர்களுக்குப் பதற்றமும் சோகமும் கூடின. அதைவிட முக்கியமாக, செய்தியோடு தொடர்பே இல்லாத தங்கள் சொந்தக் கவலையையும் அவர்கள் பேரழிவாக விரித்துப் பார்த்தார்கள். எங்கோ நடந்த விபத்தைப் படித்துவிட்டுப் படுத்தவருக்கு, மகனின் தேர்வோ வீட்டுக் கடனோ திடீரென மலையாகத் தெரிவது இதனால்தான். பதினான்கு நிமிடங்களுக்கே இந்த விளைவு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நிம்மதிக்காகப் பார்ப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். மற்றவற்றைவிட இதற்குத்தான் அதிக விலை கொடுக்க நேர்கிறது. இரவில் செய்தியைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்காகத் தேடுவதில்லை. ‘ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிசெய்துகொண்டால் தூங்கிவிடலாம்’ என்ற நம்பிக்கையில்தான் திறக்கிறார்கள். கவலைக்கு மருந்தென்று நினைத்து எடுத்துக்கொள்வதே அந்தக் கவலையை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒருவருடைய குறிப்பேட்டிலிருந்து காட்டுகிறேன். அடையாளங்களை மாற்றி, அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு. ஒவ்வொரு முறை கைப்பேசியைத் திறக்கும்போதும் நேரம், மனத்தில் இருந்த கேள்வி, திறக்கும் முன் பதற்றம் எவ்வளவு, பார்த்தவுடன் எவ்வளவு, பத்து நிமிடம் கழித்து எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இட்டுவரச் சொல்லியிருந்தேன்.

முதல் நாள் இரவு 11.35: ‘ஆட்குறைப்புப் பட்டியலில் எங்கள் நிறுவனம் இருக்கிறதா?’ திறக்கும் முன் 6. இல்லை என்று தெரிந்ததும் 3. பத்து நிமிடம் கழித்து 7. இரவு 11.50: ‘பட்டியல் முழுமையானதுதானா?’ முன் 7, பார்த்ததும் 4, பிறகு 7. இரவு 12.20: அந்தச் செய்தியின் கீழே யாரோ முகமறியாத ஒருவர், ‘அடுத்த காலாண்டில் இன்னும் வரும்’ என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அதற்கு மேல் அவர் மதிப்பெண் இடவில்லை. ‘2.10-க்கு வைத்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

முதல் இரண்டு பதிவுகளிலேயே முழு இயக்கமும் தெரிகிறது. பார்த்தவுடன் பதற்றம் மூன்று புள்ளிகள் குறைகிறது. அந்தச் சிறிய நிம்மதிதான், அடுத்த முறை பதற்றம் வரும்போதும் திரையைத் திறக்க வேண்டும் என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. நிம்மதி கரைந்ததும் கேள்வி தன் உருவை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. ‘பட்டியலில் இருக்கிறோமா’ என்பதற்கு விடை கிடைத்தது, ஆனால் ‘பட்டியல் முழுமையானதா’ என்பதற்கு அந்த நேரத்தில் உலகில் எவரிடமும் விடை இல்லை. விடையில்லாத கேள்வியோடு, எவ்வளவு தள்ளினாலும் அடி தென்படாத ஒரு பக்கத்தைத் திறந்தவர் எந்த இடத்தில் நிறுத்துவார்? செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வானொலிச் செய்திக்கு முடிவுரை உண்டு. முடிவின்றி உருளும் பக்கத்தில் நிறுத்தும் இடத்தை வாசிப்பவரே உண்டாக்க வேண்டும், அதற்குரிய தெளிவு நள்ளிரவில் களைத்த மனத்துக்கு இருப்பதில்லை.

நான் இந்தப் பிழையை 2020-இல் செய்தேன். பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்தது, என் தாயார் வேறொரு நகரத்தில் தனியாக இருந்தார். அந்த நகரத்தின் தொற்று எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரே ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரவு ஒரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து, மாலையில் கண்ட அதே எண்ணை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவரம் அறிந்திருப்பது என் பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை ஏழு மணிக்குத் தாயார் அழைக்கும்போது பாதித் தூக்கத்தில் ‘ம்… சரிம்மா’ என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று மூன்று நாள் தொடர்ந்து அவர் சொன்னது என் காதில் விழுந்தும் மனத்தில் ஏறவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டார் அழைத்துச் சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் பேசினேன். புதிதாக மாற்றித் தரப்பட்ட இரத்த அழுத்த மாத்திரையின் அளவு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அவரைப் பற்றி நான் அறிய வேண்டியிருந்த ஒரே செய்தி அந்தக் காலை அழைப்பில் இருந்தது; அதைக் கேட்கும் தெளிவை நான் முந்தைய இரவே செலவழித்திருந்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நிம்மதிக்காகப் பார்க்கிறோமா, தகவலுக்காகப் பார்க்கிறோமா என்பதைப் பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் போதும். ஏற்கெனவே படித்த செய்தியை வேறு தலைப்பில், வேறு தளத்தில் மீண்டும் படித்தால், அங்கே தகவல் தேவை முடிந்துவிட்டது. செய்தியை விட்டுவிட்டு அதன் கீழுள்ள கருத்துகளுக்கு இறங்கினால், அப்போது தேடுவது எவரேனும் ஒருவரின் ஆறுதல் சொல். அங்கே அது கிடைப்பது அரிது.

கணக்குப் பிரிவு நண்பருக்குச் செய்தியே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரவில் கேள்வி எழுந்தால் அதை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதி, கீழே இரண்டு விடைகள் மட்டும் எழுதச் சொன்னேன்: இதற்கு விடை எப்போது, யார் வழியாக வரும்? விடை கெட்டதாக இருந்தால் நாளைக் காலை நான் செய்யும் முதல் வேலை எது? பிறகு மறுநாள் மாலை 6.30-க்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, படுக்கையறைக்கு வெளியே ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் அமர்ந்து, அரை மணி நேரம் அந்தக் கேள்விகளைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும்; தேவையான செய்தியையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். கவலைக்கென்று நாளில் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி என ஒதுக்கும் இந்த முறையைத் தாமஸ் போர்க்கவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் முன்வைத்தார்கள். மாலை என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அதைப் படுக்கும் நேரத்துக்கு அருகில் வைத்தால் அதுவே இரவு வாசிப்பின் இன்னொரு பெயராகிவிடும்.

முதல் மூன்று இரவுகள் அவருக்குக் கடினமாக இருந்தன. பார்க்காமல் இருந்தபோது பதற்றம் 8 வரை ஏறியது; ஏறியது முக்கால் மணி நேரத்தில் தானாகவே 5-க்கு இறங்கியதையும் அவர் எழுதியிருந்தார். தொடங்குபவர்கள் பெரும்பாலும் அந்த 8-ஐக் கண்டு, ‘இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். திரையின் உதவியில்லாமல் பதற்றம் தானாக இறங்கும் என்பதை மனம் கற்பது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். இடையில் ஒருமுறை திறந்து பார்த்தாலும் அன்றைய பாடம் கலைந்துவிடும். முதல் வாரம் அவர் எழுதிய பதினொரு கேள்விகளில் ஒன்பதை, மறுநாள் மாலை படித்தபோது தேடிப் பார்க்கவே அவருக்குத் தோன்றவில்லை.

தூக்கம் வராமல் படுக்கையிலேயே கிடப்பது

கைப்பேசியை விட்டவர்கள் அடுத்துச் செய்யும் பிழை, இருட்டில் கூரையைப் பார்த்தபடி தூக்கத்தோடு போராடுவது. ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்) எழுந்து வேறிடத்தில், மங்கிய வெளிச்சத்தில், முன்பே படித்து முடித்த ஏதேனும் ஓர் அச்சுப் புத்தகத்தைப் புரட்டலாம். கண் செருகும்போது படுக்கைக்குத் திரும்பலாம். இதைச் செய்யாவிட்டால் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் பழகிவிடும்.

அலாரத்துக்காகக் கைப்பேசியைத் தலைமாட்டில் வைப்பது

தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்குங்கள்.

ஆவேசத்தில் எல்லாச் சமூக ஊடகக் கணக்குகளையும் அழிப்பது

பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள், முன்பைவிட அதிகக் குற்றவுணர்வோடு.

எல்லா இரவுகளையும் ஒன்றுபோல் நடத்துவது

புயல் நெருங்கும் இரவும், உறவினர் போர்ப்பகுதியில் இருக்கும் இரவும் வேறு. அப்போது தெரிந்துகொள்ள வேண்டியது உண்மையாகவே உண்டு. அத்தகைய இரவில் அதிகாரபூர்வமான ஒரே ஒரு எச்சரிக்கை அறிவிப்பையும், குறிப்பிட்ட இரண்டொரு எண்களின் அழைப்பையும் மட்டும் ஒலிக்குமாறு அமைத்து, கைப்பேசியை, ஒலித்தால் கேட்கும் தூரத்தில், ஆனால் கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். செய்தி வந்தால் அது உங்களை எழுப்பும். நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இவையெல்லாம் செய்தும் வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களைத் தாண்டினால், அது நாட்பட்ட தூக்கமின்மை. அதற்கென்றே அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். பகல் முழுவதும் நெஞ்சு படபடத்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே செல்ல வேண்டும். செல்லும்போது நேரமும் மதிப்பெண்களும் எழுதிய அந்த நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ‘தூக்கமே வருவதில்லை’ என்று வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கங்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.