காசிமேட்டுக் கருங்கல்லில் எந்தக் கனிமம் முதலில் உறைந்தது?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் வழியில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில், வெளிர்நிறமாகப் பொடிப்பொடியாய்க் கறுப்புப் புள்ளி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் கிரானைட் வகை. கையில் பத்து மடங்கு லென்ஸ் போதும். முப்பது மடங்கு வேண்டாம், எந்தக் கனிமம் எதைச் சூழ்ந்திருக்கிறது என்பது அதில் தெரியாது.

முதலில் கல்லை நனையுங்கள். கண்ணாடித் துண்டுபோல ஒழுங்கற்று உடைந்திருப்பது குவார்ட்ஸ். தட்டையான முகம் பளிச்சென்று மின்னினால் ஃபெல்ட்ஸ்பார். கத்தி முனையில் ஏடாகப் பிரியும் கறுப்பு, பயோடைட்.

அடுத்து, யார் யாருக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மீந்த இடுக்கை நிரப்பியது கடைசியில் உறைந்தது. கிரானைட்டில் அது பெரும்பாலும் குவார்ட்ஸ். அளவை மட்டும் நம்பாதீர்கள், தாமதமாக வளர்ந்த ஃபெல்ட்ஸ்பாரும் பெரிதாக இருக்கலாம்.

நான் தடுமாறியது இங்கேதான். சூடு குறையக் குறையக் கனிமங்கள் உறையும் வரிசையை ஆலிவின், பைராக்சின், ஆம்பிபோல், பயோடைட், கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்று மனப்பாடம் செய்துவிட்டு, எல்லாக் கல்லிலும் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாலை முழுக்க கிரானைட்டில் ஆலிவினைத் தேடினேன். இது வரிசையாக வந்து உட்காரும் கதையல்ல. முதலில் உறைந்த ஆலிவின், உருகிய பாறைக் குழம்பில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து பைராக்சினாக மாறிவிடும்:

```
Mg2SiO4 + SiO2 → 2 MgSiO3
```

அதனால்தான் மக்னீசியம் மிகுந்த ஆலிவினும் குவார்ட்ஸும் ஒரே கல்லில் சேர்ந்து நிலைப்பதில்லை. இதை 1910-களில் வாஷிங்டன் ஆய்வகத்தில் நார்மன் போவன் என்ற பாறையியலாளர் உலையில் சோதித்தார். குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்த கலவையைச் சட்டென்று குளிர்விப்பார். அந்த நொடியில் திரவமாக இருந்தது கண்ணாடியாக உறையும், அதற்குமுன் உருவான படிகம் படிகமாகவே நிற்கும்.

சரி, ஆலிவின் வினைபுரியாமல் அடியில் மூழ்கிவிட்டால்? நூறு கிராம் பசால்ட் குழம்பில் 50 கிராம் சிலிக்கா என்று வையுங்கள். ஆலிவினில் சுமார் 40 சதவீதம்தான் சிலிக்கா. 20 கிராம் ஆலிவின் பிரிந்தால் 8 கிராம் சிலிக்காதான் போகும். மிச்சம் 80 கிராமில் 42 கிராம், அதாவது 52.5 சதவீதம். இப்படியே பிரியப் பிரிய மீதிக் குழம்பு சிலிக்கா கூடிய ஆண்டசைட், அப்புறம் இன்னும் கூடிய ரையோலைட் பக்கம் நகரும். ஆனால் இந்த வழியில் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரிய கிரானைட் மலைகள் பலவும் கண்டப் பாறை உருகியே உருவானவை.

பின்சேர்க்கை: சமையல் மேடைக்குப் போட்ட "கறுப்பு கிரானைட்"டில் குவார்ட்ஸே இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடையில் கிரானைட் என்றுதான் விற்பார்கள். அதில் பெரும்பாலானவை பசால்ட் குழம்பு நிலத்தடியில் உறைந்த டோலரைட் அல்லது கேப்ரோ. நீளமான பிளஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் படிகங்களும் இடையே கறுத்த பைராக்சினும் தெரிந்தால், அந்தக் குழம்பு குவார்ட்ஸ் கட்டம் வருமுன்பே உறைந்து முடிந்துவிட்டது.