லேமினேட் தரை: பலகையை எண்ணிப் பார்த்தபோது

எங்கள் படுக்கையறை 3.6 மீட்டர் அகலம், 4.2 மீட்டர் நீளம். மர லேமினேட் போட்டால் எப்படி இருக்கும் என்று ஸ்கெட்ச்அப் என்ற 3D வரைபட மென்பொருளில் வரைந்து பார்த்தேன். தரை கோரைப்பாய் மாதிரி இருந்தது. எண்ணினால் அகலத்தில் 72 பலகைகள்!

காரணம், தரைமேல் போட்ட மெட்டீரியலில் உள்ள மரப் படத்தின் அளவு. அதில் பக்கவாட்டில் 6 பலகைகள், நீளவாட்டில் 2. மென்பொருளோ மொத்த அகலத்தையும் 300 மி.மீ. என்று எடுத்திருந்தது. நாங்கள் பார்த்துவைத்த பலகை 195 மி.மீ. அகலம், 1215 மி.மீ. நீளம். அதனால் மெட்டீரியலின் Edit பகுதியில் 1170, 2430 என்று மாற்றினேன். இப்போது அகலத்தில் பதினெட்டரைப் பலகைதான்.

அடுத்தது திசை. பலகைகள் ஜன்னலை நோக்கி ஓடாமல் குறுக்கே கிடந்தன. திருப்பலாம் என்று வலது கிளிக் செய்தால் Texture > Position வரவே இல்லை. காரணம், மெட்டீரியலைத் தரை அடங்கிய குரூப் மேல் போட்டிருந்தேன். உள்ளே போய்த் தரைப் பரப்பிலேயே போட்டதும் வந்தது. அங்கே வலது கிளிக், Rotate, 90.

அப்புறமும் ஒரே மரக்கணு மூன்று இடத்தில், ஒரே வரிசையில் தெரிந்தது. 18 வெவ்வேறு பலகைகளை ஒட்டி 3510 மி.மீ. அகலப் படமாக்கினேன். ஓரம் பலகையின் இணைப்பில் முடியும்படி வெட்டியதால் ஒட்டு தெரியவில்லை.