போட்டோவைப் பார்த்து உழவு மாடு தேர்ந்தெடுப்பது: திமில், நெஞ்சு, கால், கொம்பு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உழவு மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜோடியில் ஒன்று போய்விட்டால், இன்னொன்றுக்குத் துணை தேடி பொள்ளாச்சிச் சந்தைக்கோ வாணியங்குளத்துக்கோ கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்துவிடும். எங்கள் மயிலை எருதுக்கு ஜோடி சேர்த்ததும் அப்படித்தான். காங்கேயத்துப் பக்கமிருந்து வந்த படங்களில் பெரும்பாலானதை வீட்டில் உட்கார்ந்தே கழித்துவிட்டு, தேறியதை மட்டும் நேரில் போய்ப் பார்த்தோம். அந்த முறையைத்தான் எழுதுகிறேன். பல், சுழி பற்றி இதில் எழுதவில்லை. அதெல்லாம் நேரில் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில், சரியான படம் கேளுங்கள்

விற்பவர் தானாக அனுப்பும் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் போனில் இப்படிச் சொல்வேன்: "அண்ணா, மாட்டைச் சமமான தரையில நிறுத்துங்க. பதினைஞ்சு அடி தள்ளி நின்னு, போனை மாட்டோட நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிப் பிடிச்சு, பக்கவாட்டுல ஒண்ணு, நேர் முன்னால ஒண்ணு, நேர் பின்னால ஒண்ணு எடுங்க. தலையைக் கயிறு போட்டுத் தூக்காதீங்க." படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து குளம்பு மங்கிவிடும்.

குளம்பு புல்லிலோ வைக்கோலிலோ சேற்றிலோ மறைந்திருந்தால் அந்தப் படம் வேண்டாம். வேறு கேளுங்கள்.

நெஞ்சு ஆழம்: ஏமாற்றுவது மாடு அல்ல, கேமரா

நெஞ்சுக்கூடு ஆழமாக இருந்தால்தான் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் இருக்கும், ஏர் இழுக்கும்போது மாடு சீக்கிரம் இளைக்காது. முன்னங்கால் முட்டிக்கு மேலே, உடம்போடு ஒட்டி மடங்கும் இடம் இருக்கிறதே, அதற்குச் சற்றுப் பின்னால் முதுகிலிருந்து நெஞ்சடி வரை அளக்க வேண்டும். வயிற்றை அளக்காதீர்கள். தவிடு கரைத்த தண்ணீரை நிறையக் காட்டினால் வயிறு புடைக்கும், நெஞ்சு புடைக்காது.

அதே இடத்தில் முதுகிலிருந்து தரை வரை உள்ள உயரத்தையும் அளந்து, முதல் அளவை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உயரத்தில் திமிலைச் சேர்க்கக் கூடாது. பாதியை ஒட்டி வந்தால் நல்ல மாடு. 0.45க்குக் கீழே போனால் நான் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. படத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. போன் திரையில் விரலால் கோடு போட்டால் கோட்டின் தடிமனே இரண்டு மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

ஒரே எருதின் இரண்டு படங்களை வைத்துப் பார்ப்போம். முதல் படத்தை விற்பவர் பக்கத்தில் நின்று, தன் கண் மட்டத்திலிருந்து எடுத்திருந்தார். நெஞ்சு 49 மி.மீ., உயரம் 90 மி.மீ. வகுத்தால் 0.54. பார்க்க அபாரமான மாடு. நான் கேட்டபடி தள்ளி நின்று தாழ்த்தி எடுத்த படத்தில் நெஞ்சு 43, உயரம் 96. அதாவது 0.45. மாடு அதேதான். மேலிருந்து கிட்டத்தில் எடுக்கும்போது முதுகும் திமிலும் கேமராவுக்கு அருகில் வந்து பெரிதாகும், கால்கள் குறுகும். அதனால் நெஞ்சு ஆழமாகத் தெரியும். ரொம்பத் தாழ்வாக எடுத்தால் நேர்மாறு: கால் நீளும், நெஞ்சு சிறுக்கும்.

கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் குளம்புகளையும், அந்தப் பக்கத்துக் குளம்புகளையும் பாருங்கள். படத்தில் தூரத்துக் குளம்புகள் கொஞ்சம் மட்டும் மேலே தெரிந்தால் படம் சரி. நன்றாக மேலே ஏறித் தெரிந்தாலோ, முதுகின் மேற்பரப்பு அகலமாகத் தெரிந்தாலோ, மேலிருந்து எடுத்தது. அந்தப் படத்தில் அளந்து பயனில்லை.

முன்பக்கப் படத்தில் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு ஆழமாக இருந்தும் இடைவெளி ஒடுங்கியிருந்தால் அது பலகை மாதிரி மாடு, பாரம் தாங்காது.

திமில்

பெரிய திமில் வேண்டும் என்று தேட வேண்டாம். காயடித்த மாட்டுக்குத் திமில் சிறுத்துப்போகும், அதிலும் இளம் வயதில் காயடித்திருந்தால் இன்னும் சிறியதாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நிமிர்ந்து கெட்டியாக நிற்கிறதா என்பது. பின்பக்கப் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால் வேண்டாம். அப்புறம் திமிலுக்கு முன்னால், நுகத்தடி உட்காரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் காய்த்திருந்தால் அது வேலை செய்த மாட்டின் அடையாளம், குறை இல்லை. கட்டியாகப் புடைத்திருந்தால் மறுபடி நுகம் வைத்தவுடன் வீங்கும்.

கால்

முன்னாலிருந்து பார்த்தால் தோளிலிருந்து குளம்பு வரை நேர்கோடு. பின்னாலிருந்து பார்த்தால் பின்னங்கால் மூட்டுகள் ஒன்றையொன்று உரசக் கூடாது. குளம்பின் இரண்டு பிளவும் சேர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் பிளவு விரிந்த குளம்பு சேற்றை வாரிக்கொள்ளும்.

ஆனால் காலில் பெரிய குறை ஒன்று படத்தில் தெரியவே தெரியாது. பின்காலில் முழங்கால் சில்லு மேலே போய் மாட்டிக்கொள்ளும் மாடுகள் உண்டு. அது எழுந்ததும் வைக்கும் முதல் அடிகளில் காலைப் பின்னுக்கு நீட்டி இழுத்து, வெடுக்கென்று முன்னால் எறியும். சில மாடுகளில் பத்தடி நடந்ததும் சரியாகிவிடும். அதனால் காலையில் படுத்திருக்கும் மாட்டை எழுப்பி, முதல் அடியிலிருந்து நடக்கும் வீடியோவைத்தான் கேட்க வேண்டும். கால்நடை மருத்துவர் சின்ன அறுவை சிகிச்சையில் சரிசெய்வார் என்பது உண்மை. ஆனாலும் அதை விலை பேசும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கொம்பு

காங்கேயம் மாட்டுக்குக் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனி உள்ளே திரும்பும். ஜோடிக்கு எடுக்கும்போது விரிவைத்தான் முதலில் பார்ப்பேன். ரொம்ப அகலமாக விரிந்தால் நுகத்தில் பூட்டியதும் உள்பக்கக் கொம்பு துணை மாட்டின் முகத்தில் இடிக்கும். உங்கள் மாட்டின் முன்பக்கப் படத்தையும் அதையும் அருகருகே வைத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

ஒரு கொம்பு மட்டும் கீழே சாய்ந்திருந்தாலோ, மாடு எல்லாப் படத்திலும் தலையை ஒரே பக்கம் சாய்த்திருந்தாலோ, அந்தப் பக்க மூக்கில் ரத்தக்கசிவு இருந்தாலோ உடனே விலகுங்கள். கொம்புப் புற்று நம் நாட்டு எருதுகளில் வருவதுதான். கொம்பைச் சீவிச் சாயம் பூசியிருந்தால் அடிப்பகுதியையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது

குப்பம் பக்கமிருந்து ஒருவர், தன் மாட்டுக்குக் கொம்புகள் நெற்றி உச்சியில் நெருங்கிக் கிளம்பி, பின்னால் நேராகப் போய், நுனி முன்னால் வளைகிறது, இது குறையா என்று கேட்டிருந்தார். இல்லை, அது ஹள்ளிகார் சாயல். அந்த மாட்டை அந்த இனத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நெஞ்சு, கால், திமில் கணக்கு அதற்கும் இதேதான்.

இன்னொருவருக்கு வந்தது விற்பவர் மாட்டோடு எடுத்த செல்ஃபி. சில போன்களில் செல்ஃபி இடவலம் மாறிப் பதிவாகும். வலது பக்கம் பூட்டிப் பழகிய மாடு என்று நினைத்துப் போனால் அது இடது பக்கத்து மாடாக இருக்கும். பின்னால் இருக்கும் கடைப் பலகையிலோ வண்டி நம்பரிலோ எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாவிட்டால் எந்தப் பக்கம் பூட்டிப் பழக்கியது என்று வாயால் கேட்டு, அதே பக்கத்தில் ஏரில் பூட்டிய வீடியோவும் வாங்கிக்கொள்ளுங்கள்.