பெரிதாக்கிய துணிப் படத்தில் இழைகளை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியைப் பெரிதாக்கி எடுத்த படத்தைப் பார்க்கும்போது பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: நூலின் தோற்றத்தை இழையின் தோற்றமாக எடுத்துக்கொள்கிறோம். கைப்பேசியில் பொருத்தும் சிறு லென்ஸ் பத்து, இருபது மடங்கு பெரிதாக்கும்போது தெளிவாகத் தெரிவது நூல்தான். அதற்குள் பல இழைகள் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கின்றன. பருத்தி இழை தட்டையாகவும் முறுக்கிய நாடாவைப் போலவும் இருக்கும் என்று அறிந்தவர், அந்தப் படத்தில் சாய்வாக ஓடும் முறுக்கைக் கண்டதும் துணி பருத்திதான் என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த முறுக்கு நூற்கும்போது ஏற்றப்பட்டது; பாலியஸ்டர் நூலிலும் கம்பளி நூலிலும் அது அப்படியே இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. நூலின் முறுக்கு எவ்வளவு நீளத்துக்குப் பார்த்தாலும் ஒரே திசையில் செல்லும். பருத்தி இழையின் இயல்பான முறுக்கோ சிறிது தூரம் வலப்புறமாகத் திரும்பி, பிறகு இடப்புறமாகத் திரும்பி, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் திசை மாறிக்கொண்டே போகும். இதைக் காண ஏறத்தாழ நூறு மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்து, இழைகளைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு துளி நீரில் பரப்பி, அடியிலிருந்து ஒளி வரும்படி படம் எடுத்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கம்பளியில் நேரும் தவறு இதற்கு நேர்மாறானது. இழையின் மேற்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள்தான் கம்பளியின் அடையாளம். ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் அவை தெரியாது என்பதால், செதில் இல்லை, ஆகவே கம்பளி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியில் செதில்களின் விளிம்புகள் தேய்ந்தோ பூச்சினால் மூடப்பட்டோ மங்கியிருக்கலாம். அலையலையான நெளிவை மட்டும் வைத்துக் கம்பளி என்று சொல்வதும் ஆபத்தே. அக்ரிலிக், பாலியஸ்டர் இழைகளுக்கும் ஆலையிலேயே நெளிவு ஏற்றுகிறார்கள்.

மிக அதிகமாக ஏமாற்றுவது பளபளப்பு. மினுமினுக்கும் வழவழப்பான துணியைப் பட்டு என்று நினைப்பது இயல்பு. ஆனால் மினுமினுப்பில் பெரும்பகுதி நெசவிலிருந்தே வருகிறது. ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பட்டு என்று சொல்லப்பட்ட சாட்டின் துணி. நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியே பிரித்து எடுத்த அந்தப் படத்தின் மூலையில் 100 மைக்ரான் அளவுகோடு இருக்கிறது. பாவின் இழைகள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அகலம், அதாவது 16 மைக்ரான் அளவில் இருக்கின்றன. ஓர் இழையைப் படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் தொடர்ந்தால் அகலம் எங்கும் மாறவில்லை. பக்கத்து இழையும் அதே அகலம். இழைக்குள் நுண்ணிய கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. பசை நீக்கிய மல்பெரிப் பட்டிழை பொதுவாக 10 முதல் 13 மைக்ரான் வரை இருக்கும். அது வழவழப்பாக இருந்தாலும் நீளவாக்கில் அகலம் சற்றே கூடிக் குறையும், இழைக்கு இழை வேறுபடவும் செய்யும். புள்ளிகளோ, பளபளப்பைக் குறைக்கச் செயற்கை இழையில் கலக்கும் டைட்டேனியம் டை ஆக்சைடு துகள்கள். ஆகவே பாவு செயற்கை இழை என்று உறுதியாகச் சொல்லலாம். புள்ளிகள் இல்லாதிருந்தால் அதை வைத்துப் பட்டு என்று சொல்லியிருக்க முடியாது, ஏனெனில் மினுங்க வேண்டிய செயற்கை இழையில் அத்துகளைச் சேர்ப்பதில்லை.

பாவோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. அதே துணியின் ஊடையில் இழைகள் உருண்டையாகவும் வழவழப்பாகவும் தெரிந்தாலும், அகலம் இழைக்கு இழை மாறுகிறது. நெடுந்தூரத்துக்கு ஒருமுறை ஒரு திருகல் வருகிறது. சில இழைகளின் நடுவே மெல்லிய கோடு ஓடுகிறது. இது மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்திய பருத்தி. காரத்தில் ஊறும்போது இழை உப்பி, தட்டை வடிவத்தையும் முறுக்குகளின் பெரும்பகுதியையும் இழந்துவிடுவதால், முறுக்கைத் தேடிப் பழகிய கண் இதைச் செயற்கை இழை என்றே எண்ணும். எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு திருகல்களைக் கண்டுபிடிக்கும் வரை பத்துப் பதினைந்து இழைகளையாவது பார்க்க வேண்டும்.

புள்ளியற்ற மெல்லிய பாலியஸ்டரையும் பசை நீக்கிய பட்டையும் பக்கவாட்டுப் படம் மட்டும் கொண்டு பிரிப்பது சில வேளைகளில் இயலாது. அப்போது குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும்: பட்டு முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும், சாதாரண பாலியஸ்டர் வட்டமாக இருக்கும். ஆனால் பட்டின் மினுக்கத்துக்காக மூன்று மடல்களோடு வார்க்கப்பட்ட பாலியஸ்டரும் உண்டு என்பதால், அங்கும் ஐயம் நீங்காவிட்டால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுவதுதான் வழி. பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து விரலில் நொறுங்கும் கரியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.