விற்பனைக் கடிதத்தின் பின்குறிப்பை எழுதி, சோதித்து, பதில்களைக் கூட்டுவது எப்படி?

விற்பனைக் கடிதத்தைப் பெறுபவர் அதை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதில்லை. தம் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அனுப்பியவர் யார் என்று அறியக் கையொப்பத்துக்குத் தாவி, அதன் கீழே உள்ள பின்குறிப்பை வாசித்த பிறகே நடுப்பகுதியைப் படிப்பதா வேண்டாமா என்று பலர் முடிவு செய்கிறார்கள். அஞ்சல் வழி விற்பனையை ஆராய்ந்த ஜெர்மானியர் சீக்ஃபிரீட் ஃபோகலே, கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு இந்த வாசிப்பு முறையை விளக்கியவர். ஆகவே பின்குறிப்பை, கடிதத்தை இன்னும் படிக்காத ஒருவருக்கும் புரியும்படி எழுத வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சார்ந்தவையே.

கடிதமும் முகவரிப் பட்டியலும் தயாராக இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: முடிப்பு வரியில் ஒரே ஒரு செயலைக் கேளுங்கள்

“தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கிக் காத்திருக்கிறோம்” என்ற வரி மரியாதையானது. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை அது சொல்வதில்லை. கேள்வி இல்லாத இடத்தில் பதிலும் பிறப்பதில்லை. அந்த வரிக்கு மாற்றாக, படிப்பவர் யோசிக்காமல் விடையளிக்கக்கூடிய ஒரு கேள்வியை வையுங்கள். மூன்று நான்கு வரிகளே உள்ள மின்னஞ்சலுக்கு இது மட்டும் போதும். முழுக் கடிதமும் ஒரே பார்வையில் தெரியும்போது பின்குறிப்பு தேவையற்ற ஒட்டாகிவிடும்.

படி 2: பின்குறிப்பை எழுதுங்கள்

மருந்துக் கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பின்குறிப்பு முதலில் இப்படி இருக்கிறது:

> பி.கு.: எங்கள் மென்பொருளைப் பற்றி மேலும் அறிய எங்கள் இணையதளத்தைப் பார்வையிடவும், அல்லது தொலைபேசியில் அழைக்கவும், அல்லது எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் வந்தால் என்ன கிடைக்கும் என்பது எங்கும் இல்லை. படிப்பவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவிட எல்லாக் காரணமும் உண்டு. இதைத் திருத்தினால்:

> பி.கு.: அடுத்த 90 நாள்களில் காலாவதியாகப்போகும் மருந்துகளின் பட்டியலைத் தங்கள் கடைக்கு ஒருமுறை கட்டணமின்றித் தயாரித்துத் தருகிறோம். வேண்டுமெனில் “பட்டியல்” என்ற ஒரு சொல்லை மட்டும் பதிலாக அனுப்புங்கள். இப்பணியை எங்களிடம் ஒருவரே செய்வதால், 15ஆம் தேதிக்குள் வரும் பதில்களுக்கு மட்டுமே இம்மாதத்தில் முடித்துத் தர இயலும்.

மென்பொருள் என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைக்காரருக்குக் கவலை தருவது அலமாரியில் தேதி கடந்து வீணாகும் மருந்து. பின்குறிப்பு அந்தக் கவலையைத் தொடுகிறது. கேட்கும் செயல் ஒரு சொல்லை அனுப்புவது மட்டும். இருப்புக் கோப்பை அனுப்பச் சொல்வது அடுத்த கட்டம். அதை இங்கேயே கேட்டால் பலர் நின்றுவிடுவார்கள். கடைசித் தேதிக்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்க வேண்டும். தேதி கடந்த பிறகும் அதே சலுகையை அனுப்பினால், அடுத்த கடிதத்தின் தேதியை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கடிதத்தின் உடலில் இல்லாத புதிய சலுகையைப் பின்குறிப்பில் நுழைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்குறிப்பால் ஈர்க்கப்பட்டு மேலே சென்று படிப்பவர், அங்கே வேறொன்று பேசப்படுவதைக் கண்டால் ஐயமடைவார். உடலில் விரிவாகச் சொன்னதன் சாரமே பின்குறிப்பில் வர வேண்டும்.

படி 3: அது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்

பலர் தடுமாறும் இடம் இதுவே. எழுத்தில் குறையில்லாமலேயே பதில்கள் குறைவதற்குக் காரணமும் பெரும்பாலும் இங்கே கிடைக்கும். அச்சுக் கடிதத்தில், பின்குறிப்பு மட்டும் தனியே மறுபக்கத்துக்குத் தள்ளப்படவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் சிக்கல் வேறு. தானாகச் சேரும் கையொப்பத்துக்கு முன்னால் பல செயலிகள் இரண்டு சிறு கோடுகளை இடுகின்றன:

```
--
```

இதற்குக் கீழே வருவது கையொப்பப் பகுதி என்று பெறுநரின் செயலி எடுத்துக்கொண்டு, அதை மங்கலாகக் காட்டலாம். ஒரே தொடரில் செல்லும் அடுத்த மடல்களில் மூன்று புள்ளிகளுக்குள் மடித்து மறைக்கவும் செய்யலாம். பின்குறிப்பை முகவரியும் தொலைபேசி எண்ணும் முடிந்த பிறகு எழுதினால், அது அவற்றோடு சேர்ந்தே மறைந்துவிடும். எனவே உங்கள் பெயரைக் கையால் தட்டச்சு செய்து, அதன் கீழே பின்குறிப்பை இட்டு, தானியங்கிக் கையொப்பத்தை அதற்கும் கீழே விடுங்கள். அனுப்பும் முன் வேறொரு முகவரிக்கு அனுப்பி, கைபேசியில் திறந்து பாருங்கள்.

படி 4: இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள்

இதற்கெனக் கட்டண மென்பொருள் வேண்டியதில்லை. ஒரு விரிதாளே போதும், தொடக்கத்தில் அதுவே நல்லது என்றும் சொல்வேன். பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நிரலில் =RAND() என்று இட்டு, அந்த மதிப்புகளை நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டி, அதன்படி வரிசைப்படுத்தி, சரிபாதியாக வெட்டுங்கள். அகர வரிசையிலோ சேர்ந்த தேதி வரிசையிலோ வெட்டினால், பழைய வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம் குவிந்து முடிவு கோணலாகிவிடும். இரு பாதிக்கும் ஒரே நேரத்தில், பின்குறிப்பு மட்டும் மாறிய கடிதத்தை அனுப்புங்கள்.

எண்ண வேண்டியது பதில்களை. திறப்பு விகிதத்தை அன்று. ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடல் திறக்கப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும் படங்களைப் படிக்கப்படாத மடலிலும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறந்ததாகப் பதிவாகும் மடல்கள் பல உண்மையில் திறக்கப்படாதவை.

ஒவ்வொரு பாதிக்கும் 500 கடிதங்கள் அனுப்பி, பழைய பின்குறிப்புக்கு 10 பதில்களும் புதியதற்கு 15 பதில்களும் வந்தால், புதியது வென்றது என்று தோன்றும். தற்செயலாகவும் இவ்வளவு வேறுபாடு எளிதாக வரலாம். இரு பாதியும் சம அளவில் இருந்து, பதில் விகிதம் குறைவாக உள்ளபோது, B2, C2 கட்டங்களில் பதில்களை இட்டு இந்தத் தோராயமான சோதனையைச் செய்யலாம்:

```
=ABS(B2-C2)>2*SQRT(B2+C2)
```

10, 15 என்றால் வேறுபாடு 5. வேண்டியதோ 10க்கு மேல். ஆகவே முடிவு சொல்ல இயலாது. 40, 62 என்றால் வேறுபாடு 22. வேண்டியது ஏறத்தாழ 20.2. இப்போது நம்பலாம். பதில்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வாய்ப்பாடு ‘TRUE’ காட்டிய கணத்தில் சோதனையை நிறுத்துவது முறையன்று. எத்தனை நாள் காத்திருப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டியல் சிறிதாக இருந்தால், அதே இரு பின்குறிப்புகளை அடுத்த சில அனுப்புதல்களிலும் புதிய முகவரிகளுக்கு அனுப்பி, எண்களைச் சேர்த்துக் கணக்கிடுவதாகத் தொடங்கும்போதே திட்டமிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: பதில்கள் பெருகியும் விற்பனை கூடவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சொல் கேட்கும் பின்குறிப்பு, ஆர்வம் மட்டுமே உள்ளவர்களையும் அழைத்து வரும். அதனால் விரிதாளில் இன்னொரு நிரல் சேர்த்து, பதிலளித்தவர்களுள் எத்தனை பேர் அடுத்த கட்டத்துக்கு, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இருப்புக் கோப்பை அனுப்பும் நிலைக்கு, வந்தார்கள் என்று குறியுங்கள். அந்த எண் இரு பாதியிலும் ஒன்றாகவே இருந்தால், கூடுதலாக வந்த பதில்கள் உங்கள் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்போது “பட்டியல்” என்பதற்கு மாற்றாக, கடையில் ஏறத்தாழ எத்தனை வகை மருந்துகள் இருக்கின்றன என்ற எண்ணைப் பதிலாகக் கேட்டுப் பாருங்கள். பதில்கள் சற்றுக் குறையக்கூடும், ஆனால் எண்ணை எழுதி அனுப்புபவர் கடையை மனத்தில் வைத்தே எழுதியிருப்பார்.