இன்ஹேலருக்குக் காத்திருக்காதீர்கள், வலிப்பு மருந்துக்குக் கடிகாரத்தைப் பாருங்கள்: ஆசிரியர்களுக்கான செய்முறை

பள்ளிச் செவிலியராக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இரண்டு வகைத் தவறைத்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். ஆஸ்துமா பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுக்க, "கொஞ்சம் பார்ப்போம்" என்று தயங்குகிறார்கள். வலிப்பு வந்த பிள்ளைக்கோ முதல் நிமிடத்திலேயே மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டும் தலைகீழ். இன்ஹேலரை அறிகுறி தெரிந்ததுமே கொடுக்க வேண்டும். வலிப்பு மருந்துக்கு நேரம் பார்க்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் மருத்துவர் எழுதிய திட்டத்தாளும் பெற்றோரின் கையெழுத்தும் முன்கூட்டியே பள்ளியில் இருக்க வேண்டும். தாளில் எழுதியிருப்பதும் நான் இங்கே சொல்வதும் வேறுபட்டால், தாளில் உள்ளதைச் செய்யுங்கள்.

முதலில் இன்ஹேலர்

இது எளிது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். நிவாரண இன்ஹேலர், அதாவது பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்பூட்டமால்தானா என்று பாருங்கள். தினமும் காலை மாலை எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் பொதுவாக அவசரத்துக்கு உதவாது. தாளில் அதையே எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலில் பொருத்தி, ஒரே ஒரு பஃப் அழுத்துங்கள். பிள்ளை ஸ்பேசர் வழியாக நான்கு முறை சாதாரணமாக மூச்சு இழுத்து விடட்டும். மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இப்படி மொத்தம் நான்கு. அவசரத்தில் நான்கையும் ஒரே நேரத்தில் ஸ்பேசருக்குள் அடித்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போவது குறையும். நான்கு நிமிடம் பொறுத்தும் சரியாகவில்லை என்றால் இன்னும் நான்கு பஃப். அப்போதும் தேறவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும் வரை இதே முறையில் தொடருங்கள். கை நடுக்கமும் படபடப்பும் மருந்தால் வருபவை, அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது, இழுப்புச் சத்தம் திடீரென நின்று பிள்ளை சோர்ந்து போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை உடனே அழைத்துவிட்டு பஃப் கொடுங்கள். சத்தம் நின்றதும் "சரியாகிவிட்டது" என்று நினைப்பதுதான் ஆபத்து. காற்றே போகாதபோதும் சத்தம் வராது.

வலிப்பு: முதல் ஐந்து நிமிடம்

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறையும். அதனால்தான் பெரும்பாலான திட்டத்தாள்களில் "5 நிமிடம்" என்று இருக்கிறது. எனவே உங்கள் முதல் வேலை மணி பார்ப்பது. அந்தத் தருணத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடம் போலத் தோன்றும், மனக்கணக்கை நம்பாதீர்கள்.

மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் கூடாது. உடன் இருக்கும் இன்னொருவர் மருந்தையும் தாளையும் எடுத்துவரட்டும். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பவும் ஒருவர் வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்குள் உதறல் நின்று, உடல் தளர்ந்து, குறட்டை போல மூச்சு வந்தால் வலிப்பு முடிந்துவிட்டது. மருந்து தேவையில்லை.

மூக்கு ஸ்ப்ரேயில் ஒரு கணக்கு

வலிப்பை நிறுத்தப் பல பள்ளிகளில் வைத்திருப்பது மிடசோலம் என்ற மருந்தின் மூக்கு ஸ்ப்ரே. சிக்கல் என்னவென்றால், எல்லா ஸ்ப்ரேயும் ஒரே அளவு மருந்தைத் தெளிப்பதில்லை. சிலவற்றில் ஒரு அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம்தான் வரும். சில ஒருமுறை மட்டும் பயன்படுத்தக் கூடியவை, ஒரே அழுத்தத்தில் 5 மில்லிகிராம் முழுவதும் வந்துவிடும். அதாவது பத்து மடங்கு வித்தியாசம்.

ஒரு உதாரணம். 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் தாளில், "5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மிடசோலம் 4 மில்லிகிராம், மூக்கில்" என்று இருக்கிறது. பள்ளியில் உள்ள பாட்டிலில் "ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி." என்று இருக்கிறது. 4-ஐ 0.5-ஆல் வகுத்தால் 8 அழுத்தம். ஒரு மூக்குத் துளைக்கு 4 வீதம். எட்டையும் ஒரே துளையில் அடித்தால் மிச்சம் தொண்டைக்கு வழிந்துவிடும், பலன் தாமதமாகும்.

ஒருமுறை ஸ்ப்ரேயில் பழகிய ஆசிரியர் இந்தப் பாட்டிலை எடுத்தால், ஒரே ஒரு அழுத்தம் கொடுத்து நிறுத்திவிடுவார். பிள்ளைக்குப் போவது எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை வலிப்பு நேரத்தில் போடக்கூடாது. மருந்து வந்த அன்றே, "8 முறை, ஒவ்வொரு பக்கம் 4" என்று தாளிலும் பெட்டி மேலும் எழுதி, பெற்றோரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி வரும்போது மறுபடி லேபிளைப் படிக்க வேண்டும். அதிலுள்ள அளவு தாளோடு பொருந்தாவிட்டால் அன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் எடை கூடும்போது அளவும் மாறும் என்பதால் தாளை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பம்ப் பாட்டிலைப் பயன்படுத்தும் முன், நுண்துளியாக வரும் வரை காற்றில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஸ்ப்ரேயை அப்படிச் செய்தால் மொத்த மருந்தும் காற்றில் போய்விடும். ஒரு பயிற்சி வகுப்பில் மாதிரிக் கருவியோடு ஒருவர் இதைச் செய்துவிட்டார். நல்ல வேளை, அது மாதிரி.

கொடுக்கும் நேரம்

10:42-க்கு வலிப்பு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 10:47 ஆகியும் உதறல் நிற்கவில்லை. ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், நீங்கள் மருந்தைக் கொடுங்கள். மூக்கில் சளியோ எச்சிலோ இருந்தால் துடையுங்கள். பம்ப் பாட்டிலை முடிந்த அளவு நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உள்ளே இருக்கும் குழாய் மருந்துக்குப் பதில் காற்றை இழுக்கும். வலது துளையில் ஒன்று, இடதில் ஒன்று என்று மாறி மாறி, சத்தமாக எண்ணிக்கொண்டே கொடுங்கள். பக்கத்தில் நிற்பவரும் எண்ணினால் தவறாது.

கொடுத்ததும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மிடசோலம் தூக்கத்தைத் தரும், சிலருக்கு மூச்சையும் மந்தமாக்கும். இதனால்தான், தாளில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது. மருந்து கொடுத்து ஐந்து நிமிடமாகியும் வலிப்பு நிற்கவில்லை என்றாலோ, மூச்சு மெதுவாகி உதடு நீலமானாலோ ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் செய்து சொல்லுங்கள். மூச்சே இல்லை என்றால் அவர்கள் போனில் சொல்கிறபடி செயற்கைச் சுவாசத்தையும் மார்பு அழுத்தத்தையும் தொடங்குங்கள்.

உடல் தளர்ந்துவிட்டது, ஆனால் கண்கள் ஒரு பக்கமே சொருகியிருக்கின்றன, வாயோரமோ விரலோ சின்னதாகத் துடிக்கிறது என்றால் வலிப்பு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். "தூங்குகிறான்" என்று விட்டுவிடாமல் இதை ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லுங்கள்.

அப்புறம், தொடங்கிய நேரம், மருந்து கொடுத்த நேரம், எத்தனை அழுத்தம், நின்ற நேரம் ஆகிய நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, மருந்துப் பெட்டியோடு அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். மாற்று மருந்து வரும் வரை அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் மருந்தே இல்லை என்பதால், அன்றே பெற்றோரிடம் புதுப் பெட்டி கேளுங்கள்.