ஓய்வு பெற்ற பிறகும் இ.எஸ்.ஐ. மருத்துவம்: ஆண்டுக்கு 120 ரூபாய்

இ.எஸ்.ஐ.யில் 5 ஆண்டுகளாவது இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெறுகிறீர்களா? கிளை அலுவலகத்தில் ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் உங்களுக்கும் கணவர் அல்லது மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். ஓய்வு பெற்ற தேதி தெரியும்படி நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, பழைய காப்பீட்டு எண்ணோடு கொடுங்கள். கடிதத்தில் ‘பணியிலிருந்து விலகினார்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல். ‘ஓய்வு பெற்றார்’ என்றே எழுதி வாங்குங்கள்.

இது சம்பளத்தில் பிடித்தம் செய்யும் சந்தா அல்ல, மாதம் 10 ரூபாய் என்று விதியே வகுத்த தொகை. அதனால் சம்பளம் நின்றாலும் மருத்துவம் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நீங்களே நினைவு வைத்துக் கட்ட வேண்டும்.

மனைவியும் தாயாரும் உங்களை நம்பி இருந்தால் மனைவிக்கு மட்டுமே இது பொருந்தும். தாயாருக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. நோய்க்கால உதவித்தொகையும் நின்றுவிடும். தாயாருக்கு 70 வயது ஆகிவிட்டால் மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்யலாம். வீட்டருகே உள்ள தனியார் மருத்துவமனையே வேண்டும் என்பவர்கள் தனிப் பாலிசியை ஓய்வுக்கு 3 ஆண்டு முன்பே எடுப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குப் பாலிசி பணம் தராத காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம்.

5 ஆண்டு நிறையாதவர்களுக்கும், வேறு வேலைக்காக இடையில் ராஜினாமா செய்தவர்களுக்கும் இந்த 120 ரூபாய் வழி இல்லை.